அப்பா அவுட்ஸ்டேஷன் என்று எழுதினால் தப்பா?

என் அக்கா மகள் படிவம் நான்கு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்தூலில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, தன் ஆங்கிலக் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டாவது பத்தியில் ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘மை ஃபாதர் வாஸ் அவுட்ஸ்டேஷன் ஆன் மை பர்த்டே’ என்று எழுதியிருந்தாள். பிறந்த நாளன்று அப்பா ஊரில் இல்லை, குளிர்சாதனம் பொருத்தும் வேலைக்காகக் குவாந்தான் போயிருந்தார். ஓரத்தில் ‘இப்படி ஒரு பயன்பாடு இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு.

“மாமா, நான் அகராதியில பார்த்துட்டேன். சொல் இருக்கு. ஆனா வேற என்னமோ போட்டிருக்கு” என்றாள். காட்டினாள். தலைமையகத்திலிருந்து தொலைவில் இருக்கும் ஒரு நிலையம், பெயர்ச்சொல், அவ்வளவுதான். “அப்ப நம்ம வீட்டுல, கடையில, ஆபீஸ்ல எல்லாரும் தப்பாவா பேசுறோம்?”

நான் பதினாறு வருடமாக ஆங்கிலத்திலும் தமிழிலும் மெய்ப்புப் பார்க்கிறேன். அவளுக்கு அன்றைக்குச் சோற்றுத் தட்டோடு பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி அவளுடையது மட்டுமில்லை.

முதலில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ‘ஸ்டேஷன்’ என்றதும் நமக்கு ரயில்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கம்பெனி ஆட்சிக்கால இந்தியாவில் ‘ஸ்டேஷன்’ என்றால் ஒரு மாவட்டத்தின் வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருக்கும் இடம். இந்திய ஆங்கிலத்தின் சொற்களைச் சேர்த்து 1886-இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ தொகுப்பே இதைத் தனிப் பதிவாகப் போட்டு, அன்றாடம் ஓயாமல் புழங்கும் சொல் என்று சொல்கிறது. அதிகாரி சுற்றுப்பயணம் கிளம்பினால் அவர் ஸ்டேஷனுக்கு வெளியே. இந்தியாவில் இன்றும் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று சொல்வது இந்த வழியில் வந்ததுதான்.

நம் பக்கத்தை எடுத்துக்கொண்டால், பினாங்கு 1786-இல் கம்பெனியின் கைக்குப் போனது. மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் ஆன பிறகும், 1867 வரை எல்லாமே இந்திய அரசாங்கத்தின் கீழ்தான் இருந்தன. அலுவலகம் நடத்தும் முறை, கோப்பு எழுதும் முறை, அதற்கான சொற்கள் என எல்லாம் ஒரே ஆட்சியின் கீழ் ஓடின. அதனால்தான் ‘பியூன்’, ‘கோடவுன்’, ‘டிஃபின்’ எல்லாம் சென்னையிலும் பினாங்கிலும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. இந்தியாவில் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, இங்கே நடுவில் ‘ஆஃப்’ இல்லாமல் ‘அவுட்ஸ்டேஷன்’. வங்கிகள் வெளியூர்க் காசோலையை ‘அவுட்ஸ்டேஷன் செக்’ என்று சொல்லித் தனிக் கட்டணம் பிடித்தது இரண்டு நாட்டிலும் உண்டு.

அப்புறம் அதிகாரிகள் போய்விட்டார்கள், சொல் நின்றுவிட்டது. அதன் பொருள் மெல்ல விரிந்தது. இப்போது அரசாங்க அதிகாரிதான் அவுட்ஸ்டேஷன் போக வேண்டும் என்பதில்லை. லாரி ஓட்டுபவர் போகிறார், கல்யாணச் சமையல்காரர் போகிறார். ஆனாலும் இது எதற்கும் பொருந்தும் சொல் கிடையாது. செந்தூலிலிருந்து கிள்ளானுக்குப் போனால் யாரும் அவுட்ஸ்டேஷன் என்று சொல்வதில்லை, பக்கம். ஈப்போ, ஜொகூர் பாரு, குவாந்தான் என்றால் சொல்கிறோம். பேங்காக் போனால் மறுபடியும் சொல்வதில்லை, அது ‘ஓவர்சீஸ்’. தீபாவளிக்குச் சொந்த ஊர் போவதையும் பெரும்பாலும் இப்படிச் சொல்வதில்லை, ‘ஊருக்குப் போறோம்’, இல்லையென்றால் மலாயில் ‘பாலேக் கம்போங்’. ஆக, வாழும் ஊரை விட்டு, நாட்டுக்குள்ளேயே, போய்வரத் தூரமான வேறோர் ஊரில், பெரும்பாலும் வேலை நிமித்தமாக இருப்பது. இவ்வளவு கறாரான எல்லைகள் ஒரு சொல்லுக்கு இருக்கின்றன, அந்த எல்லைகளை யாரும் சொல்லித்தராமலே அக்கா மகளுக்கும் தெரிந்திருக்கிறது. தப்பான சொல்லுக்கு இப்படி எல்லை இருக்காது. தப்பு என்றால் ஆளுக்கு ஒரு மாதிரி தப்பும்.

சரி, அப்படியென்றால் அவள் காட்டிய அகராதி ஏன் அதை எடுத்துக்கொள்ளவில்லை? இதற்குப் பதில் சொல்ல இன்னொரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: ‘ப்ரீபோன்’.

கூட்டத்தைத் தள்ளிவைத்தால் ‘போஸ்ட்போன்’. முன்னுக்குக் கொண்டுவந்தால் ‘ப்ரீபோன்’. லத்தீனில் ‘போஸ்ட்’ என்றால் பின், ‘ப்ரீ’ என்றால் முன், ‘போனெரே’ என்றால் வைப்பது. கேட்டவுடனே புரிந்துவிடும். இதை இந்தியர்களின் ஆங்கிலத் தவறு என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஆக்ஸ்ஃபர்ட் பெரிய அகராதியில் இந்தச் சொல் இருக்கிறது. 1549-இல் ராபர்ட் கிரௌலி என்ற ஆங்கிலேயர், ஒன்றை இன்னொன்றுக்கு முன்னே வைப்பது என்ற பொருளில் எழுதியது அங்கே பதிவாகியிருக்கிறது. அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது. பிறகு 1913-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு ஜான் டி. ட்ரெனர் என்பவர், ‘போஸ்ட்போன்’ இருப்பதுபோல அதற்கு எதிராக ‘ப்ரீபோன்’ என்று ஒரு சொல் வேண்டும் என்று கடிதம் எழுதினார். அமெரிக்கர்கள் கண்டுகொள்ளவில்லை. இந்தியாவில் அதுவே பின்னால் தானாக முளைத்து வேர்விட்டது. சசி தரூர், 1972-இல் கல்லூரியில் படிக்கும்போது தானே இந்தச் சொல்லை உண்டாக்கியதாக நெடுநாள் நினைத்திருந்ததாக எழுதியிருக்கிறார். இதில் வியக்க ஒன்றுமில்லை. தேவையும் துண்டுகளும் ஒன்றாக இருந்தால் பல பேர் கையில் ஒரே சொல் தனித்தனியாகப் பிறக்கும்.

இன்று ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபர்டில் இந்திய ஆங்கிலம் என்ற குறியோடு இருக்கிறது. சின்ன அகராதிகள் பலவற்றில் இல்லை. அது இடம் பற்றிய கணக்கு. பள்ளிப் பையில் போகும் அகராதிக்குப் பக்கங்கள் குறைவு, ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுக்க வேண்டும், லண்டன் தேர்வை மனதில் வைத்துப் போட்ட அகராதி நம் சொல்லைத்தான் முதலில் எடுக்கும். ஆக்ஸ்ஃபர்ட் பெரிய அகராதி அப்படி இல்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் சொற்களும் சொற்றொடர்களும், ஒரு முறை உள்ளே போன சொல்லை எடுக்கவும் மாட்டார்கள். ஆகையால் ‘அகராதியில் இல்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த அகராதியில் என்பதைத்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ‘ப்ரீபோன்’ உருவத்திலேயே புதுசு. அந்த எழுத்துக்களை அந்த வரிசையில் ஒரு கணினி பார்த்தால், இது என் பட்டியலில் இல்லாத சொல் என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். ‘அவுட்ஸ்டேஷன்’ அப்படியா? எழுத்துக்கள் பழசு, சொல் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. புதுசாக இருப்பது பொருளும், வாக்கியத்தில் அது உட்காரும் இடமும்தான். பெயர்ச்சொல்லாக இருந்தது, ‘எங்கே போனார்’ என்ற கேள்விக்கு விடையாகும் வினையடையாக மாறிவிட்டது. கணினி அதைப் பார்த்து, தெரிந்த சொல்தான் என்று பெயர்ச்சொல் முத்திரை குத்தி அனுப்பிவிடும். புதிய உருவம் தானே கத்தும். புதிய பொருள் பேசாமல் இருக்கும். ஒரு மனிதர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தால்தான் கண்ணில் படும்.

நம்மிடம் இந்த வகைச் சொற்கள்தான் அதிகம். ‘நானும் உன் காடியில ஃபாலோ பண்றேன்’ என்றால் பின்னால் இன்னொரு வண்டியில் வருவதில்லை, அதே வண்டியில் கூட வருவது. மலாயில் ‘இக்குட்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் இருப்பதால் ஆங்கில ‘ஃபாலோ’வும் இங்கே அகலமாகிவிட்டது. ‘அம்மாவை ஏர்போர்ட்டுக்கு செண்ட் பண்ணணும்’ என்றால் காரில் கொண்டுபோய் விடுவது. இவற்றை எல்லாம் லண்டனில் தேடும் கணினி, தனக்குத் தெரிந்த ‘ஃபாலோ’, தெரிந்த ‘செண்ட்’ என்றே எண்ணிக்கொள்ளும்.

அகராதி செய்பவர்கள் எப்படித்தான் தேடுகிறார்கள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஆக்ஸ்ஃபர்டுக்காக வாசகர்கள் புத்தகம் படித்து, ஒரு சொல் வந்த வரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புவார்கள். எந்த நாட்டில் வாசகர் இருந்தாரோ, எந்தப் புத்தகம் அவர் கைக்கு வந்ததோ, அதுதான் வந்து சேரும். இப்போது தரவகங்கள் இருக்கின்றன. தரவகம் என்றால் எழுத்தையும் பேச்சையும் கோடிக்கணக்கான சொற்களாகக் கொட்டி வைத்த கிடங்கு. ஒரு சொல்லைத் தட்டினால் அது வந்த எல்லா வரிகளும், நடுவில் அந்தச் சொல்லை வைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மார்க் டேவிஸ் என்ற மொழியியலாளர் 2013-இல் வெளியிட்ட ‘குளோப்’ தரவகத்தில் 20 நாடுகளின் இணைய ஆங்கிலம் இருக்கிறது, மொத்தம் சுமார் 190 கோடிச் சொற்கள். அதில் அமெரிக்காவும் பிரிட்டனும் தலா 38 கோடிக்கு மேல். மலேசியா சுமார் 4.2 கோடி. நம் ஆட்கள் ஒரு சொல்லைப் பத்து லட்சத்துக்குப் பத்து முறை எழுதுகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது தாராளமான புழக்கம்தான். மலேசியப் பகுதியில் அது 420 முறை வரும். அந்த 420-ஐ 190 கோடிக்குள் போட்டுப் பார்த்தால், பத்து லட்சத்துக்கு கால் முறைகூட இல்லை. முழுக் கிடங்கையும் ஒன்றாக எண்ணுபவருக்கு இது கிட்டத்தட்ட இல்லாத சொல். நாட்டுவாரியாகப் பிரித்து எண்ணுபவருக்கு இது மலேசியாவில் அன்றாடச் சொல். ஒரே எண்தான், எதனால் வகுத்தோம் என்பதுதான் மாறுகிறது. இந்தத் தரவகத்தை நாடுவாரியாகப் பிரித்து வைத்ததே அதன் பெரிய நன்மை என்று நான் நினைக்கிறேன்.

எண்ணிக்கை போதுமா என்றால் போதாது. ஆக்ஸ்ஃபர்ட்காரர்கள் ஒரு சொல்லை எடுக்க வேண்டுமென்றால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல இடங்களில், ஓரளவு நீண்ட காலம் அது வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதைவிட நுணுக்கமான ஒன்றும் கேட்கிறார்கள்: எழுதியவர் அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல், வாசகருக்குப் புரியும் என்று நம்பி, விளக்கம் சொல்லாமல் எழுதியிருக்கிறாரா? சாய்வெழுத்தில் போட்டு, மேற்கோள் குறிக்குள் அடைத்து, அடுத்து அதற்குப் பொருளும் சொல்லியிருந்தால், எழுதியவரே அதை வெளிச் சொல் என்று நினைக்கிறார் என்றுதான் படும்.

இந்த இடத்தில் என் வேலை வருகிறது. எத்தனையோ பிரதிகளில் ‘அவுட்ஸ்டேஷன்’ என்று வந்ததை ‘அவுட் ஆஃப் டவுன்’ என்று நான் மாற்றியிருக்கிறேன். மாற்றக் கூடாது என்று தோன்றிய இடங்களில் சாய்வெழுத்தில் போட்டிருக்கிறேன். அகராதியைப் பார்த்துத்தான் செய்தேன். ஆனால் அகராதி எதைப் பார்த்துச் செய்யப்படுகிறது? அச்சில் வந்ததைப் பார்த்து. அச்சில் வருவதற்கு முன்னாலேயே நாங்கள் அதைத் துடைத்துவிடுகிறோம். பள்ளியில் சிவப்பு மை, அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நிருபராகி அதைத் தவிர்க்கிறார்கள், மீறி எழுதினால் மெய்ப்பு மேசையில் போய்விடுகிறது, அச்சில் சான்று குறைகிறது, அகராதியில் வராது, அகராதியில் இல்லாததால் மறுபடி சிவப்பு மை. கோழி, முட்டை கதைதான். வெளியே லண்டனில் யாரோ நம் சொல்லைத் தடுத்தார்கள் என்று நினைப்பது எளிது. தடுப்பில் பெரும்பங்கு இங்கேயே நடக்கிறது.

லண்டன் பக்கம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபர்டின் முதல் பதிப்பில், ஆங்கிலத்தில் இன்னும் குடியேறாத சொல் என்று காட்ட இரண்டு நிமிர்ந்த கோடுகள் போடுவார்கள். யார் வீட்டுப் பேச்சில் குடியேறவில்லை என்பது அந்தக் கோட்டைப் போட்டவரைப் பொறுத்தது. அந்த அகராதியில் வேலை பார்த்த சாரா ஓகில்வி என்ற மொழியியலாளர் பழைய பதிப்புகளை ஒப்பிட்டு 2012-இல் ஒன்றைக் காட்டினார். 1933-இன் இணைப்புத் தொகுதியில் இருந்த வெளிநாட்டு வழிச் சொற்களிலும் உலக ஆங்கிலச் சொற்களிலும் 17 விழுக்காட்டை, 1972-இலிருந்து வந்த அடுத்த இணைப்புத் தொகுதிகளின் ஆசிரியர் ராபர்ட் பர்ச்ஃபீல்டு விட்டுவிட்டார் என்பதே அது. உலக ஆங்கிலத்துக்குக் கதவு திறந்தவர் என்று பேர் எடுத்தவரும் அவரேதான்.

இன்னொன்றும் உண்டு. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆகி ஆங்கில அகராதிக்குள் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. மிளகுத்தண்ணி போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது. தோட்டத்துக் கங்காணியும் போயிருக்கிறார். இவை நம் சொற்கள்தான், ஆனால் எழுதியது கப்பல்காரர்களும் தோட்டத் துரைகளும். அவர்கள் எழுதியது அச்சானது, அச்சானது பதிவானது. நம் பாட்டன் ஆங்கிலத் துண்டுகளை எடுத்து அவரே உண்டாக்கிய சொல்லுக்கு அப்படி எழுத ஆள் இல்லை. ‘கோஸ்தான்’ என்று சொல்கிறோமே, காரைப் பின்னால் எடுப்பதற்கு? கப்பல்காரர்களின் ‘கோ அஸ்டெர்ன்’ அது. துறைமுகத்தில் கேட்டதைத் தரைக்குக் கொண்டுவந்து வண்டிக்கு வைத்தார்கள். பினாங்கில் எந்தக் கார் நிறுத்துமிடத்துக்கும் போய் நின்றால் தமிழிலும் மலாயிலும் ஹொக்கியனிலும் அதைக் கேட்கலாம். வாயிலேயே வாழ்ந்த சொல் அது.

உள்ளே போன சொற்களையும் பார்ப்போம். ஆக்ஸ்ஃபர்ட் 2016-இல் சிங்கப்பூர், மலேசியா பக்கத்துச் சொற்கள் சிலவற்றைச் சேர்த்தது. ‘தே தாரிக்’, ‘லெப்பாக்’, ‘ஷியோக்’ எல்லாம் அப்போது வந்தவை. 2025 மார்ச்சில் இன்னொரு கொத்து: ‘அலாமாக்’, ‘தாப்பாவ்’, ‘நாசி லெமாக்’, ‘மாட் ரெம்பிட்’. இவற்றில் பெரும்பாலானவை மலாய், சீனம் வழியாக வந்த உருவங்கள். நான் மேலே சொன்னபடி, தானே கத்தும் வகை.

ஆனால் இரண்டு சொற்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2016-இல் ‘பிளர்’ வந்தது, 2025-இல் ‘டெரர்’ வந்தது. ‘அவன் ஒரே பிளரா இருக்கான்’ என்றால் என்ன நடக்கிறது என்றே புரியாமல் நிற்கிறான் என்று பொருள். ‘கணக்குல அவ டெரர்’ என்றால் மகா கெட்டிக்காரி. இரண்டும் எந்த ஆங்கில அகராதியிலும் முன்பே இருந்த எழுத்துக்கள், புதுப் பொருள் மட்டும் இந்த மண்ணில் உண்டானது. ‘அவுட்ஸ்டேஷ’னின் வகைதான் இவை. யாரோ வரிவரியாக உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். ஆகவே இது முடியாத காரியம் இல்லை.

அக்கா மகளிடம் மடிக்கணினியை எடுத்துவரச் சொன்னேன். ‘அவுட்ஸ்டேஷன்’ என்று மட்டும் தேடினாள். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் தனிக் குடியிருப்புகள் வந்தன, ஆட்டுப் பண்ணைகள் வந்தன. அங்கே அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள்கள் உண்டு. “பார்த்தீங்களா மாமா, நம்ம பொருள் இல்லவே இல்லை” என்றாள். அவள் தேடிய விதத்தில்தான் பிரச்சினை. பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே எழுத்தில் இருக்கும்போது, புதிய பொருள் மட்டும் நுழையக்கூடிய ஒரு குறுகிய சந்து அமைத்துத் தேட வேண்டும். ஆங்கிலத்தில் ‘போனார்’ என்பதற்குப் பின்னால் ஒரு இடப்பெயர்ச்சொல் நேராக வராது, நடுவில் ‘டு’ வேண்டும், பெரும்பாலும் ‘த’வும் வேண்டும். வினையடை நேராக வரும். ஆக இப்படித் தட்டச் சொன்னேன்:

```
"went outstation" site:.my
```

மேற்கோள் குறி இருப்பதால் இரண்டு சொல்லும் ஒட்டியே வர வேண்டும். கடைசித் துண்டு மலேசியத் தளங்களை மட்டும் காட்டும். பக்கம் பக்கமாக வந்தன. அவளுக்குச் சந்தோஷம், எத்தனை என்று எண்ணத் தொடங்கினாள். நான் நிறுத்தினேன். தேடுபொறி காட்டும் மொத்த எண்ணிக்கையை நம்பக் கூடாது, அது தோராயம்தான், இன்று ஒன்று காட்டும் நாளை ஒன்று காட்டும். முதல் இருபது வரிகளைப் படிப்பது மேல்.

படித்தோம். சிலவற்றைக் கழித்தோம். ‘மலேசிய ஆங்கிலத்தின் வேடிக்கைச் சொற்கள்’ மாதிரிப் பட்டியல்களில் வருவது கணக்கில் சேராது, அங்கே ஒருவர் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறார், அதைக் கொண்டு எதையும் சொல்லவில்லை. ஒரே செய்தியைப் பல தளங்கள் எடுத்துப் போட்டிருந்தால் அது ஒன்றுதான். மிச்சத்தில், கணவர் வெளியூரில் இருந்தபோது வீடு உடைத்துத் திருடினார்கள் என்பது மாதிரிச் செய்திகள், வாசகர் கடிதம், விடுப்பு விதிகள். எதிலும் சாய்வெழுத்து இல்லை, விளக்கம் இல்லை. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வருடங்கள். இதற்குப் பெயர்தான் சான்று. அவள் அரை மணி நேரத்தில் செய்தது, அகராதி அலுவலகத்தில் ஒருவர் ஒரு பொருளுக்காகச் செய்யும் வேலையின் முதல் கட்டம்.

அப்படியென்றால் ஆசிரியர் போட்ட வட்டம் தப்பா? அதற்கு நான் அவள் எதிர்பார்த்த பதிலைச் சொல்லவில்லை. ‘இப்படி ஒரு பயன்பாடு இல்லை’ என்ற குறிப்பு சரியில்லை, பயன்பாடு இருக்கிறது. ஆனால் எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளில் அதைத் தவிர்ப்பது நல்லது. எந்த நாட்டுக்காரர் படித்தாலும் புரியும் ஆங்கிலத்தை அந்தத் தாள் கேட்கிறது, லண்டனில் இருப்பவர் ‘அவுட்ஸ்டேஷன்’ என்று படித்தால் அப்பா ஏதோ ஆட்டுப் பண்ணையில் இருப்பதாகவோ, எல்லைக் காவல் கூடாரத்தில் இருப்பதாகவோ நினைக்கக்கூடும். அகராதியில் போடும் ‘இந்திய’, ‘மலேசிய’ என்ற குறிகூட இதைத்தான் சொல்கிறது. பலர் அந்தக் குறியைப் பார்த்துத் தரக்குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சொல் இந்த எல்லைக்குள் செல்லும் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ரிங்கிட்டில் மலேசியா என்று எழுதியிருப்பது போல. பிரிட்டனில் மட்டும் வழங்கும் சொற்களுக்கும் நல்ல அகராதிகள் அதே மாதிரிக் குறி போடுகின்றன.

குறி நிரந்தரமும் இல்லை. தாமஸ் ஜெஃபர்சன் 1780-களில் ‘பிலிட்டில்’ என்று ஒரு சொல்லை எழுதினார், சிறுமைப்படுத்துவது என்ற பொருளில். 1787-இல் லண்டன் பத்திரிகை ஒன்று, இது என்ன ஆங்கிலம் என்று அவரைப் பிடித்துக் காய்ச்சியது. இன்று அந்தச் சொல் அக்கா மகளின் பள்ளி அகராதியில் எந்தக் குறியும் இல்லாமல் இருக்கிறது. காட்டினேன். அவள் அந்தப் பக்கத்தையும் ‘அவுட்ஸ்டேஷன்’ இருந்த பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

கடைசியில் கட்டுரையில் ‘அவே இன் குவாந்தான் ஃபார் வொர்க்’ என்று திருத்தி எழுதினாள். பென்சிலால், அசல் சொல்லை அழிக்காமல், அதற்கு மேலே. அடுத்த வாரம் என் மேசைக்கு ஒரு கம்பெனியின் உள்சுற்றறிக்கை மெய்ப்புக்கு வந்தது. வெளியூர் வேலைக்குப் போகும் ஊழியர்களின் படிக்காசு பற்றியது. படிக்கப்போவது கே.எல்., பினாங்கு, ஜொகூர் கிளைக்காரர்கள் மட்டும். நான்கு இடத்தில் ‘அவுட்ஸ்டேஷன்’, அதில் மூன்று வினையடை. யாரோ வடிவமைப்பில் மூன்றையும் சாய்வெழுத்தாக்கியிருந்தார்கள். சாய்வை எடுத்து நேராக்கிவிட்டு, சொல்லை அப்படியே விட்டு, அச்சுக்கு அனுப்பினேன்.